கொலொனோஸ்கோப்பி நோர்மல், ஆனால் வயிற்றோட்டம் நிற்கவில்லை: பயொப்சி கேட்பதிலிருந்து மருந்து குறைப்பது வரை

அறுபது வயது கடந்தவர். மாதக்கணக்கில் தண்ணீர் மாதிரிப் போகிறது. இரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. கொலொனோஸ்கோப்பியும் செய்தாயிற்று, "நோர்மல்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கானது இது.

இந்த இடத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டிய நோய்களில் ஒன்று மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சவ்வில் அழற்சி இருக்கும். அதனால் குடல் உப்பையும் தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது. ஆனால் புண்ணோ சிவப்போ கமராவில் தெரியாது. பயொப்சி எடுத்தால்தான், அதாவது சிறு துண்டு வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் தெரியும். ஐம்பது, அறுபது வயதைக் கடந்த பெண்களிடம் அதிகம், ஆண்களுக்கும் வரும்.

நான் டொக்டர் அல்ல. வெள்ளவத்தையில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு 69 வயதில் இது வந்தது. கண்டுபிடிக்க ஏழு மாதம் எடுத்தது. அதன் பிறகு தெரிந்த நான்கு குடும்பங்களோடு கிளினிக்குக்குப் போய் வந்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான்.

மலத்தில் இரத்தம், காய்ச்சல், எழுந்தால் தலைச்சுற்று, சிறுநீர் குறைவது, வேகமாக எடை இறங்குவது என்று ஏதாவது இருந்தால் இந்த ஒழுங்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

## 1. இரண்டு வாரக் கொப்பி

சேனல் பண்ணுவதற்கு முன் ஒரு சின்னக் கொப்பி வாங்கி மலசலகூடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். போன நேரம், தண்ணீரா கூழா உருவாகவா, அடக்க முடிந்ததா, உடுப்பில் பட்டதா. இவ்வளவும் போதும்.

இது முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பெரியவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அம்மா டொக்டரிடம் "கொஞ்சம் வயிறு சரியில்லை" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "பிள்ளை, உடுப்பில பட்டதையெல்லாம் அந்தாளிட்ட எப்பிடிச் சொல்லுறது?" என்றார். கொப்பியைப் பார்த்தால் நாளுக்கு எட்டு, ஒன்பது தரம், அதில் இரண்டு நடுஇரவில்.

இரவுக் கணக்கை விடவே கூடாது. ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோயில் பெரும்பாலும் நித்திரையைக் கலைத்து வயிற்றோட்டம் வராது. நித்திரையால் எழுப்பி ஓட வைத்தால், "அது ரென்ஷன்தான்" என்று அனுப்பிவிடுவது டொக்டருக்கும் கடினமாகிவிடும்.

இந்தக் கொப்பி பின்னால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் தேவைப்படும். எறிந்துவிடாதீர்கள்.

## 2. மருந்துப் பட்டியல், தொடங்கிய திகதியோடு

மருந்துப் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. பெயரைவிட முக்கியம், எந்த மாதம் தொடங்கினார்கள் என்பது. சில மருந்துகள் இந்த நோயோடு தொடர்புள்ளவை. பெரும்பாலும் தொடங்கிச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் வயிற்றோட்டம் ஆரம்பிக்கும். பக்கத்தில் திகதி இருந்தால் அந்த முடிச்சு தானாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியவை: கஸ்ரிக்குக்குக் குடிக்கும் ஒமெப்பிரசோல், லான்சொப்பிரசோல் போன்றவை, அதிலும் லான்சொப்பிரசோல், முழங்கால் நோவுக்கான டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென் வகைகள், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் போன்றவை. புகைப்பவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்புக் கூட.

மெற்ஃபோர்மினைத் தனியாகக் குறியுங்கள். அது குடலில் இந்த அழற்சி எதுவும் இல்லாமலே வயிற்றோட்டம் தரக்கூடியது, எங்கள் ஆட்களில் சலரோகம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சலரோகக்காரர்களுக்கு நாம் ஆசையாக வாங்கிக் கொடுக்கும் சீனியில்லாத ரொஃபி, பிஸ்கட்டில் உள்ள சோர்பிற்றோலும் வயிற்றைக் கலக்கும். அதையும் பட்டியலில் எழுதுங்கள்.

கிளினிக் கொப்பியில் இருப்பவை மட்டும் பட்டியல் ஆகிவிடாது. பாமசியில் துண்டு இல்லாமல் வாங்கும் நோக் குளிசை, ஆயுர்வேத அரிஷ்டம், பக்கத்து வீட்டு அன்ரி தந்த கஸ்ரிக் கப்சூல் எல்லாம் சேர வேண்டும். நான் அம்மாவின் அலுமாரியையும் கைப்பையையும் மேசையில் கொட்டித்தான் எழுதினேன். ஜனவரியில் முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக், அது வயிற்றைப் புண்ணாக்கக் கூடாதென்று கூடவே லான்சொப்பிரசோல். வயிற்றோட்டம் தொடங்கியது மார்ச் கடைசியில்.

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பட்டியல் டொக்டருக்கு. அவர் மாற்றும் விதம் ஆறாம் பகுதியில் வருகிறது.

## 3. கமராவுக்கு முன் சிறிய பரிசோதனைகள்

மலப் பரிசோதனை, முழு இரத்தக் கணக்கு, தைரொயிட், சிறுநீரகம், உப்புகள். பொதுவாக டொக்டரே எழுதுவார். நீங்கள் நினைவூட்ட வேண்டியது ஒன்று: சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை. கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய் அது. மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு அதுவும் சேர்ந்திருக்கும் வாய்ப்புக் கூட என்பதால் இரண்டையும் தேட வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு முன் பாணையும் ரொட்டியையும் நிறுத்திவிடாதீர்கள். கோதுமையைத் தொடாமல் சில வாரம் இருந்துவிட்டால் முடிவு பொய்யாக நல்லதாக வரலாம்.

கல்ப்ரொடெக்ரின் என்ற மலப் பரிசோதனை சாதாரணமாக வந்தால் "குடலில் அழற்சியே இல்லை" என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். மற்றக் குடல் அழற்சிகளுக்கு அது உதவும். இதற்கு அதை நம்ப முடியாது. நோய் இருக்கும்போதே சாதாரணமாக வரக்கூடும்.

காத்திருக்கும் நாட்களில் தண்ணீர் வற்றுவதுதான் பெரியவர்களுக்கு உண்மையான ஆபத்து. ஜீவனியைப் பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பிளேன்ரீ அதற்கு ஈடாகாது. சிறுநீர் போக்கும் குளிசை, லொசார்ட்டன் போன்ற பிரஷர் மருந்து, மெற்ஃபோர்மின் ஆகியவை உடலில் தண்ணீர் வற்றிய நிலையில் சிக்கலாகும். அதிகம் போகும் நாளில் எதை எடுப்பது, எதைத் தவிர்ப்பது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிவையுங்கள்.

## 4. பயொப்சியைக் கேட்டு வாங்குவது

எங்களுக்கு மூன்று மாதம் வீணானது இங்கேதான். ஜூனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொலொனோஸ்கோப்பி. சுவர் சுத்தமாக இருந்ததால் துண்டு எடுக்கவில்லை. படங்களைப் பார்த்து நாங்களும் சந்தோஷமாகக் காசைக் கட்டிவிட்டு வந்துவிட்டோம். செப்டெம்பரில் அதே பேதி மருந்து, அதே பட்டினி, இரண்டாவது தரம்.

பார்க்கச் சாதாரணமாக இருக்கும் குடலிலும், நீடித்த தண்ணீர் வயிற்றோட்டம் என்றால் பயொப்சி எடுக்க வேண்டும் என்பதுதான் வழிமுறை. ஆனால் சோதனை செய்பவரிடம் போகும் கடிதத்தில் "வயிற்றுப் பிரச்சினை" என்று மட்டும் இருந்தால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம். எனவே அனுப்பும் டொக்டரிடமே, "நாட்பட்ட தண்ணீர் வயிற்றோட்டம், மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸா என்று பார்க்கவும்" என எழுதித் தரச் சொல்லுங்கள்.

அன்று காலை, மயக்க ஊசிக்கு முன், ஒருமுறை வாயாலும் கேளுங்கள். நான் கேட்டது இப்படி: "டொக்டர், பார்க்க நோர்மலா இருந்தாலும் வலப்பக்கத்திலயும் இடப்பக்கத்திலயும் பயொப்சி எடுத்து வேற வேற போத்தல்ல அனுப்ப ஏலுமா?" அவர் கோபிக்கவில்லை. "அதுக்காகத்தானே செய்யிறம்" என்றார்.

இரண்டு பக்கமும் தேவைப்படுவது, அழற்சி குடல் முழுக்க ஒரே அளவில் இருக்காது என்பதால். மலவாசலுக்குக் கிட்ட மட்டும் எடுத்தால் தவறிப்போகலாம். ஏறு குடலிலிருந்தும் இறங்கு குடலிலிருந்தும் எடுப்பது பாதுகாப்பு. போத்தல்கள் வேறாக இருக்க வேண்டியதற்கும் காரணம் இருக்கிறது: பெருங்குடலின் தொடக்கப் பகுதியில், அதாவது வலப்பக்கத்தில், இயல்பாகவே வெள்ளணுக்கள் சற்றுக் கூட. எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் நோயியல் நிபுணர் எண்ணிக்கையை எடைபோடுவது கஷ்டம்.

வொர்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் திகதி குறிக்கும்போதே சொல்ல வேண்டும், காலையில் படுக்கையில் வைத்து அல்ல.

ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? மறுபடி செய்யத் திகதி எடுக்கும் முன் பழைய றிப்போர்ட்டில் பயொப்சி எடுத்ததாக இருக்கிறதா பாருங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம் "எல்லாம் நோர்மல்" என்று ஐந்து மாதம் வீட்டிலிருந்தது. துண்டு எடுத்திருந்தார்கள். இழையப் பரிசோதனை முடிவு ஆய்வுகூடத்திலேயே கிடந்தது, யாரும் போய் எடுக்கவில்லை.

## 5. இழையப் பரிசோதனை முடிவைப் படிப்பது

கமரா முடிவு அன்றே கையில் வரும். இது அப்படியல்ல, பிறகு வரும். எப்போது, எந்தக் கவுன்ரரில் என்று பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதி வாங்குங்கள்.

இரண்டு பெயர்களில் ஒன்று இருக்கும். கொலாஜினஸ் கொலைட்டிஸ் என்றால் மேற்தோல் கலங்களுக்குக் கீழே உள்ள கொலாஜன் பட்டை தடித்திருக்கிறது; 10 மைக்ரோமீற்றரோ அதற்கு மேலோ இருக்கும். லிம்போசிற்றிக் கொலைட்டிஸ் என்றால் பட்டை தடிக்கவில்லை, ஆனால் நூறு மேற்தோல் கலங்களுக்கு நடுவே 20 அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளணுக்கள் புகுந்திருக்கின்றன. அம்மாவுக்குப் பட்டை 18 மைக்ரோமீற்றர். தாளில் அதைப் பார்த்தபோது, ஏழு மாதம் வீட்டையே ஆட்டியது இதுதானா என்று இருந்தது. வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான், பெயரில் மினக்கெட வேண்டாம்.

"அளவு முழுதாக எட்டவில்லை, ஆனால் அழற்சி உண்டு" என்ற மாதிரியும் எழுதுவார்கள். அதை "இல்லை" என்று படிக்காதீர்கள். அறிகுறி பொருந்தினால் அதற்கும் இதே வழியில் வைத்தியம் செய்வதுண்டு.

இது புற்றுநோயாக மாறுமா என்று எல்லோரும் கேட்பார்கள், சிலர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தை இது கூட்டுவதில்லை. இதற்காக மட்டும் வருடா வருடம் கொலொனோஸ்கோப்பி செய்யத் தேவையில்லை.

## 6. சந்தேக மருந்தை மாற்றுவது

இப்போதுதான் இரண்டாம் பகுதிப் பட்டியல் வேலை செய்கிறது. திகதி பொருந்தும் மருந்தை டொக்டர் நிறுத்துவார் அல்லது மாற்றுவார். அம்மாவுக்கு டைக்ளோஃபெனாக் நின்று பரசிற்றமோல் வந்தது. நோக் குளிசை போனதும் லான்சொப்பிரசோலுக்கும் தேவை இல்லாமல் போனது. நெஞ்செரிவுக்கு ஃபமோடிடின் கொடுத்தார். இரண்டு வாரத்தில் எட்டு ஆறாகக் குறைந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

எல்லா மருந்தையும் ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ற் உள்ளவரோ வயிற்றில் இரத்தம் கசிந்தவரோ கஸ்ரிக் மருந்தை விட்டால் வேறு பெரிய ஆபத்து வரும். மன மருந்தைச் சட்டென்று நிறுத்துவதும் கூடாது. எழுதிய டொக்டரும் குடல் டொக்டரும் வேறு வேறாக இருந்தால், முடிவை ஒரு துண்டில் எழுதி வாங்கி மற்றவரிடம் காட்டுங்கள்.

## 7. பியூடெசொனைட்: சரியான வகை, சரியான அளவு

மாற்றியும் நிற்காவிட்டால், அல்லது தொடக்கத்திலேயே கடுமையாக இருந்தால், நல்ல ஆதாரமுள்ள மருந்து பியூடெசொனைட். இது ஸ்டீரொயிட்தான். ஆனால் குடலில் வேலையை முடித்தபின் பெரும்பகுதி ஈரலிலேயே சிதைந்துவிடுவதால் உடல் முழுக்கப் பரவுவது குறைவு. அதனால்தான் இங்கே பிரெட்னிசொலோனைவிட இதையே விரும்புகிறார்கள். "ஸ்டீரொயிட்டா, வேண்டாம்" என்று மறுக்கும் பெரியவருக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். கடுமையான ஈரல் நோய் உள்ளவருக்கு இந்தக் கணக்கு மாறும், டொக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கமான அளவு நாளுக்கு 9 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு வாரம். அம்மாவுக்கு 3 மில்லிகிராம் கப்சூல் மூன்று, காலையில் ஒன்றாக. மெல்லாமல், திறந்து கொட்டாமல் விழுங்க வேண்டும். அது வயிற்றில் கரையாமல் கீழே போய்த் திறக்கும்படி செய்யப்பட்டது.

பியூடெசொனைட் என்ற பெயரில் ஆஸ்துமாவுக்கு இழுக்கும் கப்சூலும் உண்டு. இதில்தான் கவனம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பாமசியில் அதைத்தான் கொடுத்துவிட்டார்கள், அவரும் ஒரு வாரம் விழுங்கிவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்றார். பெட்டியைப் பாருங்கள்: இழுக்கும் மருந்தின் அளவு மைக்ரோகிராமில், நூறுகளில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது 3 அல்லது 9 மில்லிகிராம், குடலில் கரையும் வகை. எல்லாப் பாமசியிலும் கையிருப்பு இருக்காது. முடிய ஒரு வாரம் இருக்கும்போதே தொலைபேசியில் கேட்டுவையுங்கள்.

கிளரித்ரோமைசின் போன்ற அன்ரிபயோற்றிக், இற்றாகொனசோல் போன்ற பூஞ்சை மருந்து, கிரேப்ஃப்ரூட் சாறு இவற்றோடு சேர்ந்தால் ஈரல் அதைச் சிதைப்பது குறைந்து பக்கவிளைவு கூடும். சலரோகக்காரர்கள் சீனியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

கொப்பியைத் தொடருங்கள். ஒரு வாரச் சராசரியில் நாளுக்கு மூன்றுக்குக் குறைவாக, அதில் தண்ணீராகப் போவது நாளுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தால் நோய் அடங்கியது என்று கொள்கிறார்கள். அம்மாவுக்கு நான்காம் நாள் இரவு ஓட்டம் நின்றது. பதினோராம் நாள் இரண்டே தரம், கூழாக.

நன்றாகிவிட்டதென்று இரண்டாம் வாரமே கப்சூலை மிச்சம் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். விலை அப்படி. ஆனால் நின்ற வயிற்றோட்டமும் அடங்கிய அழற்சியும் ஒன்றல்ல, குறித்த வாரம் வரை குடிக்க வேண்டும்.

லேசான நோய்க்கு, அல்லது கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போக வேண்டிய நாளுக்கு, டொக்டரைக் கேட்டு லோபெரமைட் எடுக்கலாம். அது ஓட்டத்தை மட்டும் தடுக்கும், அழற்சியைத் தொடாது.

## 8. திரும்பி வந்தால்

நிறுத்திய பின் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறுபடி வருகிறது, பெரும்பாலும் முதற்சில மாதங்களில். இதை முதலிலேயே பெரியவருக்குச் சொல்லி வைக்காததுதான் நான் செய்த பிழை. அம்மாவுக்கு டிசெம்பரில் மருந்து முடிந்தது. ஜனவரி கடைசியில், ஆறாவது வாரம், ஒரே நாளில் ஐந்து தரம். "மருந்தும் பொய், டொக்டரும் பொய்" என்று படுத்துவிட்டார்.

திரும்பி வந்தால் பழைய மருந்தே பொதுவாக மறுபடி வேலை செய்யும். மறுபடி கொலொனோஸ்கோப்பி பெரும்பாலும் தேவையில்லை. முதலில், ஏதாவது புதுக் குளிசை தொடங்கினோமா, பழைய நோக் குளிசை திரும்பி வந்ததா என்று பாருங்கள். அம்மாவின் தலையணைக்குக் கீழே டைக்ளோஃபெனாக் அட்டை ஒன்று இருந்தது, நான்கு குளிசை குறைவாக.

மறுபடி 9 மில்லிகிராமில் தொடங்கி, அடங்கியதும் 6, அப்புறம் 3 என்று இறக்கினார்கள். அறிகுறியைப் பிடித்து வைக்கும் மிகக் குறைந்த அளவுதான் இலக்கு. நீண்ட காலம் எடுப்பதென்றால் எலும்பைக் கவனிக்க வேண்டும். கல்சியம், விற்றமின் டி, எலும்பு அடர்த்திச் சோதனை பற்றிக் கேளுங்கள்.

## 9. மருந்து கேட்கவே இல்லையென்றால்

சரியான வகையைச் சரியாகக் குடித்தும் நான்கைந்து வாரத்தில் மாற்றமில்லை என்றால், அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி. சீலியாக் பரிசோதனை உண்மையில் செய்யப்பட்டதா? பித்த அமிலம் பெருங்குடலில் கலந்து வயிற்றோட்டத்தைத் தருகிறதா? பித்தப்பை எடுத்தவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும், ஆனால் இந்த நோயோடும் அது சேர்ந்து வருவதுண்டு. அதற்குக் கொலெஸ்ரிரமீன் தூளைக் கொடுத்துப் பார்ப்பார்கள். மற்றக் குளிசைகளையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றை ஒரு மணித்தியாலம் முன்போ நான்கு முதல் ஆறு மணித்தியாலம் பின்போ எடுக்க வேண்டும். தைரொக்சின் குடிப்பவர்களுக்கு இது மிக முக்கியம். இரண்டும் இல்லையென்றால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் இருக்கின்றன. அதைச் சமிபாட்டுத் தொகுதி நிபுணர்தான் முடிவெடுப்பார்.

அம்மா இப்போது நாளுக்கு 3 மில்லிகிராம். காலையில் ஒரு தரம், சில நாள் இரண்டு. கொப்பி மூன்றாவது நடக்கிறது. எழுதுவது இப்போது அவரேதான், நான் பார்க்கக் கேட்டால் தருவதில்லை, கிளினிக் நாளன்று மட்டும் கைப்பையிலிருந்து வெளியே வரும்.